ரக்வேயில் ஏலக்காய் காபி: நுரை நிற்க மாட்டேங்குது, கப்பில் நறநற

அம்மான்வாசி | 4 நவம்பர், இரவு 9.40

நேரா விஷயத்துக்கு வர்றேன். ஜோர்டான்ல ஒரு கார்மென்ட்ஸ் கம்பெனியில க்வாலிட்டி செக்‌ஷன்ல இருக்கேன். எங்க சூப்பர்வைசர் உள்ளூர்க்காரர். காலையில வந்ததும் நீளக் கைப்பிடி வச்ச குட்டிப் பாத்திரத்துல (ரக்வேன்னு சொல்றாங்க) ஏலக்காய் சேர்த்து அரைச்ச காபித்தூளைப் போட்டுக் காய்ச்சி, சின்னக் கப்புல ஊத்திக் குடுப்பார். மேல பழுப்பு நுரை அப்படியே மூடி நிக்கும். கடைசி வாய்க்கு முன்னாடி வரைக்கும் ஒரு துகள் நாக்குல தட்டாது.

அதே கடையில தூள் வாங்கி ரூம்ல நான் போட்டா ரெண்டும் தலைகீழ். ஒண்ணு, நுரையே வராது. இல்லேன்னா ஒரே மூச்சுல பொங்கி அடுப்பெல்லாம் வழியும், கப்புக்கு வரும்போது மேல ஒண்ணும் மிஞ்சாது. குடிச்சா முதல் வாயிலயே நறநற. டீ வடிகட்டியில ஊத்தினேன், தூள் பாதி கீழ வந்துடுச்சு, மீதி வலையை அடைச்சுக்கிச்சு. யாராவது தினமும் போடறவங்க இருக்கீங்களா?

தோஹா தாசன் | 4 நவம்பர், இரவு 10.15

தூளை இவ்வளவு நைஸா வாங்கறதுதான் தப்பு தலைவா. கொரகொரப்பா அரைச்சு வாங்குங்க. வறுவலும் இளசா, கிட்டத்தட்ட மஞ்சளா இருக்கணும். பத்துப் பதினஞ்சு நிமிஷம் நல்லா கொதிக்க விட்டு, இறக்கி வச்சுத் தூள் அடங்கினதும் தெளிவை மட்டும் தல்லாங்கற மூக்கு வச்ச காபிக் கூஜாவுக்கு மாத்திடுங்க. ஏலக்காய் தாராளமா, முடிஞ்சா ரெண்டு இழை குங்குமப்பூ. தல்லாவோட மூக்குல கொஞ்சம் பேரீச்ச நார் செருகி வச்சா ஒரு துகள் வராது. எங்க மஜ்லிஸ்ல இப்படித்தான். நுரைக்கெல்லாம் இடமே இல்ல.

முல்லை | 5 நவம்பர், காலை 6.50

தோஹாத் தம்பி, நீங்கள் சொல்லுறது வளைகுடாக் கஹ்வா. அது வேற சாமான். அவர் கேக்கிறது லெபனான், சிரியா, ஜோர்டான், பலஸ்தீனப் பக்கத்துக் கோப்பி. கறுப்பா வறுத்து, மாமாதிரி அரைச்சது. வடிக்கிறதே இல்லை, மண்டி கப்போட போகும். உங்கட முறையை அவரிட தூளுக்குச் செய்தால் கறுப்புக் கஞ்சிதான் வரும்.

நான் பெய்ரூத்தில ஒரு வீட்டில கனகாலம் சமையலில நிண்டனான். விடிய ஒண்டு, பத்து மணிக்கு அயலாக்கள் வந்தால் ஒண்டு, சாப்பிட்டாப் பிறகு ஒண்டு எண்டு நாள் முழுக்க ரக்வே அடுப்பிலதான்.

அம்மான் தம்பி, முதல் இதைச் சொல்லுங்கோ: உங்கட ரக்வே எத்தினை கப் பிடிக்கும்? எத்தினை கப்புக்குக் காய்ச்சுறியள்? சீனி எப்ப போடுறியள்?

அம்மான்வாசி | 5 நவம்பர், மதியம் 1.05

ஆறு கப் பிடிக்கிற எவர்சில்வர் ரக்வே. காய்ச்சறது எனக்கு மட்டும், ஒரு கப். சர்க்கரை குடிக்கும்போது போட்டுக் கலக்கிக்குவேன்.

முல்லை | 5 நவம்பர், மதியம் 1.30

நுரை, நறநறப்பு எண்ட உங்கட ரெண்டு கேள்விக்கும் மறுமொழி இதிலயே வந்திட்டுது. வேலை முடிய எழுதுறன்.

வாத்தி_வேதியியல் | 5 நவம்பர், மாலை 4.20

நுரை எங்கேர்ந்து வருதுன்னு புரிஞ்சா மத்ததெல்லாம் சுலபம். காபிக்கொட்டையை வறுக்கும்போது உள்ள கார்பன் டை ஆக்சைடு தங்கிடும். தண்ணி சூடாக ஆக அது வெளிய வரும். அந்தக் குமிழிகளைக் காபியில இருக்கிற புரதம் மாதிரிப் பொருட்களும் நைஸ் துகள்களும் சேர்ந்து தோல் போட்டுப் பிடிச்சு வைக்கும். அதனால பழைய தூள்ல நுரை வராது, வாயு எல்லாம் போயிருக்கும். எனவே புதுத்தூள், நல்ல கொதி. எவ்வளவு கொதிக்குதோ அவ்வளவு நுரை.

முல்லை | 5 நவம்பர், இரவு 8.10

வாத்தியார் சொன்னதில கடைசி வரி தவிர மிச்சமெல்லாம் சரி. கொதிச்சால் நுரை பெருகாது, செத்துப்போகும். கொதியில வாறது நீராவிக் குமிழி. அது பெருசு, கீழயிருந்து எழும்பி மேல இருக்கிற நுரையை உடைச்சுக்கொண்டு போகும். அம்மான் தம்பிக்கு ஒரே மூச்சில பொங்கி வழியிறது அதுதான். வழிஞ்சது முழுக்க நுரை, கப்புக்கு வந்தது வெறும் கோப்பி.

இப்ப பாத்திரம். ரக்வேக்கு அடி அகலம், கழுத்து ஒடுக்கம். தண்ணி கழுத்துக்குக் கிட்ட நிண்டால்தான் நுரை அந்த ஒடுக்கத்தில சேர்ந்து தடிக்கும். ஆறு கப் ரக்வேயில ஒரு கப் தண்ணி விட்டால் அது அடியில பரந்து கிடக்கும். நுரை வந்தாலும் மெல்லிசாப் பரவி உடைஞ்சு போகும். ரெண்டு கப் ரக்வே ஒண்டு வாங்குங்கோ, காசு அதிகமில்லை. கழுத்து தொடங்கிற இடத்துக்கு ஒரு விரல் கீழ வரைக்கும் தண்ணி. அதுக்கு மேல விட்டால் எழும்ப இடமில்லாமல் வழியும்.

அளவு, குடிக்கிற கப்பாலயே அளவுங்கோ. ஒரு கப் எண்டால் 60, 70 மில்லி. அதுக்குத் தேக்கரண்டியால குவிச்சு ரெண்டு கரண்டி தூள், ஏழு கிராம் மட்டில வரும். தூள் தண்ணியைக் குடிக்கும், அதால கப் நிறையாது, பயப்பட வேண்டாம்.

சீனி வேணுமெண்டால் தொடக்கத்திலயே போடோணும். கப்பில போட்டுக் கலக்கினால் அடியில படிஞ்ச மண்டி முழுக்க எழும்பி வரும். அங்க அதாலதான் காய்ச்ச முன்னமே சாதாவோ, வசத்தோ, ஹெல்வேயோ எண்டு கேப்பினம், சீனி இல்லாமலோ, அளவாவோ, கூடவோ எண்டு அர்த்தம். உங்கட நறநறப்பில பாதி கரண்டியால வந்தது.

அம்மான்வாசி | 5 நவம்பர், இரவு 8.45

அட, எங்க சூப்பர்வைசர் என்னைப் பார்க்கும்போதெல்லாம் "வசத்?"னு கேக்கறதும், நான் எல்லாத்துக்கும் தலையாட்டறதும் இதுக்குத்தானா! சரி, நெருப்பு எப்படி வைக்கணும்? எப்ப இறக்கணும்? அந்த ஒரு நொடிதான் எனக்குப் பிடிபடலை.

முல்லை | 6 நவம்பர், காலை 7.00

ரெண்டு முறை இருக்கு. ஒரே நேரத்தில ரெண்டையும் பழகாதேங்கோ.

முதலாவது, பச்சைத்தண்ணியில தொடங்கிறது. துருக்கிக்காரர் செய்யிறது இது. நுரைக்கு இதுதான் நல்லது. தண்ணி, சீனி, தூள் எல்லாத்தையும் ஒண்டாப் போட்டு, அடுப்பில வைக்க முன்னம் கட்டி இல்லாமல் கலக்குங்கோ. பிறகு கரண்டியைக் கழுவி வைச்சிடுங்கோ, திரும்ப எடுக்கக் கூடாது. சின்ன பேர்னரில ஆகக் குறைஞ்ச நெருப்பு. ரெண்டு கப்புக்கு மூண்டு நாலு நிமிசம் எடுக்கோணும். ஒரு நிமிசத்தில எழும்பினால் நெருப்பு கூட.

கண்ணை எடுக்காமல் மேற்பரப்பைப் பாருங்கோ. முதல் கறுப்பா, எண்ணெய் மினுக்கத்தோட சும்மா கிடக்கும். பிறகு சுவரோரமா ஒரு வளையம் வரும், பொடிக் குமிழி, வெளிறின பழுப்பு. அந்த வளையம் உள்ளுக்கு உள்ளுக்கு நகரும். நடுவில ஒரு கறுப்பு ஓட்டை மட்டும் மிஞ்சும். அது சுருங்கிச் சுருங்கி மூடப்போற நேரத்தில முழு நுரையும் கழுத்துக்குள்ள மேல ஏறத் தொடங்கும். இறக்கிறது அப்பதான். மூடினாப் பிறகு பார்த்துக்கொண்டு நிண்டால் கீழ நீராவி அடைபட்டு ஒரே தள்ளாத் தள்ளிப்போடும்.

இறக்கி, தேக்கரண்டியால கொஞ்சம் நுரையை அள்ளி ஒவ்வொரு கப்புக்கும் போடுங்கோ. திரும்ப அடுப்பில வைச்சு இன்னொருக்கா எழும்ப விட்டு, கப்பின்ர ஓரத்தால மெதுவா ஊத்துங்கோ. உயர இருந்து ஊத்தாதேங்கோ, இது மெட்ராஸ் டிகிரி காபி இல்லை. ஆத்திக்கீத்தி வைக்காதேங்கோ.

ரெண்டாவது லெபனானில நான் நிண்ட வீட்டு முறை. தண்ணியும் சீனியும் கொதிச்சாப் பிறகு இறக்கித் தூளைப் போட்டுக் கலக்கி, திரும்ப வைச்சு ரெண்டு மூண்டு தரம் எழும்பி அடங்க விடுறது. கோப்பி தடிப்பா வரும், மண்டி நல்லா இறங்கும், நுரை குறைவு. அந்த வீட்டுப் பெரியம்மாவுக்கு நுரை கண்ணில காட்டக் கூடாது, "வேகேல்லை" எண்டுவா. மகளுக்கு நுரை இல்லாட்டில் கோப்பியே இல்லை. ஒரு ரக்வேயில ரெண்டு பேருக்கும் ஊத்தி நிண்டவள் நான்.

தோஹா தாசன் | 6 நவம்பர், காலை 9.30

நான் சொன்னது வேற காபின்னு இப்ப எல்லாருக்கும் தெரிஞ்சிடுச்சு, சந்தோஷம். ஆனா கஹ்வாவை லேசா எடுத்துக்காதீங்க. 2013ல துருக்கிக் காபியை யுனெஸ்கோ பட்டியல்ல சேர்த்தாங்க, 2015ல அரபுக் காபியைச் சேர்த்தாங்க. அதுல கத்தார் பேரும் இருக்கு, எமிரேட்ஸ், சவூதி, ஓமனோட சேர்ந்து. நுரை இல்லாமலே பட்டியல்ல ஏறிட்டோம்.

கம்பிவலை | 6 நவம்பர், மாலை 6.00

சென்னைலேர்ந்து. இஸ்தான்புல் போனப்ப இதே மாதிரிப் பாத்திரம் ஒண்ணு வாங்கிட்டு வந்தேன், அடி நாலு விரல்கூட இல்ல. இண்டக்‌ஷன் அதைப் பாத்திரம்னே ஒத்துக்க மாட்டேங்குது. கேஸ் ஸ்டாண்ட்ல வச்சா கால்களுக்கு நடுவுல விழுந்துடுது. அங்க கடையில சூடான மணல்ல புதைச்சுப் புதைச்சு எடுத்துக் காய்ச்சினாங்க. மணல் வெளிய, காபி உள்ள. இவருக்கு மட்டும் உள்ளயும் மணல் 🙂

என் கேள்வி: ஃபில்டர் காபித்தூள்ல இதைச் செய்யலாமா? வீட்ல சிக்கரி கலந்ததுதான் இருக்கு.

முல்லை | 6 நவம்பர், இரவு 7.40

கேஸுக்கு, சப்பாத்தி சுடுற கம்பி வலையை ஸ்டாண்டுக்கு மேல வைச்சு அதில வையுங்கோ. இண்டக்‌ஷனில இரும்புத் தோசைக்கல்லை வைச்சு அதுக்கு மேல ரக்வே. மெதுவாத்தான் சூடேறும், இதுக்கு அது நல்லதுதான். ஆனால் கல்லு சூட்டை விடாது, எழும்பினதும் ரக்வேயைத் தூக்கிப்போடோணும், அடுப்பை நிப்பாட்டினால் போதாது.

ஃபில்டர் தூள் வேண்டாம். அது பெரிசு, இறங்காமல் வாய்க்கு வரும். சிக்கரி சேர்ந்தால் சாறு தடிச்சுக் கைக்கும், நுரையும் இந்த மாதிரி வராது.

கம்பிவலை | 6 நவம்பர், இரவு 8.05

மிக்ஸில இன்னும் நைஸா அரைச்சா?

வாத்தி_வேதியியல் | 6 நவம்பர், இரவு 8.30

மிக்ஸி வெட்டும், அரைக்காது. பாதி மாவா இருக்கும், பாதி குருணையா இருக்கும், மேற்கொண்டு ஓட்டினா சூடேறி வாசனை போகும். குருணைதான் நாக்குல தட்டும். ரெண்டு விரலுக்கு நடுவுல தேய்ச்சுப் பாருங்க, முகப்பவுடர் மாதிரி வழுக்கணும், மணி மணியாத் தெரிஞ்சா ஆகாது. நைஸா இருந்தா கப்புல நிறைய வரும்னு எல்லாரும் நினைக்கறாங்க. நிஜத்துல மாவு நனைஞ்சு, வாயு போனதும் கூட்டமாச் சேறு மாதிரி அடியில ஒட்டிக்கும். குருணை குமிழியைப் பிடிச்சுக்கிட்டு மிதக்கும், கப்பைச் சாய்ச்சதும் உருண்டு வரும்.

கொதி பத்தி முல்லை அக்கா சொன்னதை நேத்து வீட்ல பார்த்தேன். மெல்லிசு நுரை கொதிக்கு முன்னாலதான் நிக்குது, கொதி வந்ததும் பெரிய கண்ணு விட்டு உடையுது. ஆனா ரெண்டாவது தடவை எழும்ப விடறது எதுக்குன்னு இன்னும் புரியலை. முதல் நுரையைவிட அது சொரசொரப்பாத்தான் இருக்கு.

முல்லை | 6 நவம்பர், இரவு 9.00

ரெண்டாம் எழும்பல் கோப்பிக்கு, நுரைக்கில்லை வாத்தியார். ஒருக்கா எழும்பினதோட நிப்பாட்டுற ஆக்களும் இருக்கினம்.

அம்மான்வாசி | 9 நவம்பர், இரவு 10.20

நிலவரம். ரெண்டு கப் ரக்வே வாங்கியாச்சு. சர்க்கரை முன்னாடியே போட்டாச்சு. குறைஞ்ச தீ. அந்தக் கறுப்பு ஓட்டை மூடற நேரத்துல தூக்கினா நுரை அப்படியே கப்புக்கு வருது. அக்கா, கும்பிடறேன்.

ஆனா நறநற பாதிதான் குறைஞ்சிருக்கு. தூள் பவுடர் மாதிரிதான் இருக்கு, தேய்ச்சுப் பார்த்தாச்சு. முதல் வாயிலயே என்னமோ தட்டுது. அதுவும் மேல, நுரையோட வருது. அடி மண்டியெல்லாம் ஒழுங்கா அடியிலதான் கிடக்கு.

போடி_ஏலம் | 10 நவம்பர், காலை 6.15

மேல மிதந்து வருதுன்னா அது காபி இல்லண்ணே, ஏலக்காய்த் தோல்.

எங்களுக்கு இந்த வியாபாரம்தான். போடியிலயும் அந்தப் பக்கம் கேரளாவுல புத்தடியிலயும் ஏலக்காய் ஏலம் நடக்கும், பச்சை மாறாத எட்டு மில்லிமீட்டர் காய்க்குத்தான் அரபு நாட்டுக்காரங்க விலை குடுப்பாங்க. நீங்க வாங்கற கடையில முழுக் காயைத் தோலோட கொட்டையில போட்டு அரைச்சிருப்பாங்க. தோல் நார். என்ன அரைச்சாலும் இழை இழையாத்தான் வரும், மாவாகாது, தண்ணியில சீக்கிரம் இறங்காது. கண்ணாடி டம்ளர்ல சுடுதண்ணி ஊத்தி ஒரு சிட்டிகை தூளைப் போட்டுக் கலக்கி அஞ்சு நிமிஷம் வையுங்க. அடியில படிஞ்சது காபி. மேல வெளிர் மஞ்சளாத் திப்பி மிதந்தா அது நம்ம ஆளு.

மணம் முக்காலே மூணு வீசம் உள்ள இருக்கிற கறுப்பு விதையிலதான். தோல் எடைக்குத்தான் ஆகும். கடையில ஏலக்காய் போடாத தூள் வாங்குங்க. வீட்ல காயை உரிச்சு, விதையைக் கொஞ்சம் சர்க்கரையோட சின்ன உரல்ல இடிங்க. சர்க்கரை இருந்தாத்தான் விதை நழுவாம நைஸாகும். ரெண்டு கப்புக்கு நாலு காய் போடலாம், தாராளமா.

முல்லை | 10 நவம்பர், காலை 7.20

நாலு காயா! விக்கிற ஆள் சொன்னால் அப்பிடித்தான் இருக்கும். ரெண்டு கப்புக்கு ஒரு காய் விதை போதும், கூடிப்போனால் ரெண்டு. கூடினால் கோப்பி கசாயமாகும்.

தோல் விசயம் சரி. அந்த வீட்டில கடைத்தூள்தான், ஆனால் இறக்கினாப் பிறகு ரக்வேயின்ர வாயில ஒரு சோசரைக் கவிட்டு ரெண்டு மூண்டு நிமிசம் வைப்பம். மிதக்கிறதில கனக்க அதில அடங்கும். எல்லாம் அடங்காது. நுரை விருப்பமில்லாத பெரியம்மாவுக்கு அது சரிவந்தது, ஏனெண்டால் அந்தக் காத்திருப்பில நுரையும் இளகும்.

தோல் சேராமல் மணம் மட்டும் வேணுமெண்டால் இன்னொரு வழி. காயை வாய் பிளந்து தண்ணியோட சூடாக்கி, எடுத்தெறிஞ்சு, தண்ணியை ஆறவிட்டுத் தூள் போடுறது. மணம் மெல்லிசா நிக்கும்.

வாத்தி_வேதியியல் | 10 நவம்பர், மாலை 5.00

இறக்கினதும் ஒரு ஸ்பூன் பச்சைத்தண்ணி தெளிச்சா துகள் சட்டுனு இறங்கும்னு பல பேர் சொல்றாங்க. குளிர்ந்த தண்ணி கனம், கீழே போகும்போது துகளை இழுத்துட்டுப் போகும்.

முல்லை | 10 நவம்பர், மாலை 6.10

அங்கயும் சில ஆக்கள் தெளிப்பினம். தெளிச்ச இடத்தில நுரையில குழி விழும். சும்மா ரெண்டு நிமிசம் வைச்சாலும் இறங்குது. எனக்கு வித்தியாசம் தெரியேல்லை.

தோஹா தாசன் | 10 நவம்பர், இரவு 8.00

எங்க ஃபிளாட்ல ஒரு சிரியாக்காரர் தெளிப்பார், அடிச்சு சத்தியம் பண்ணுவார். குடிச்சு முடிச்சதும் கப்பைக் கவிழ்த்து, வழிஞ்ச மண்டியில என் ஜாதகமும் சொல்வார். போன தடவை பாதை தெரியுது, பயணம்னார். அடுத்த வாரம் கம்பெனி வேற கேம்புக்கு மாத்திடுச்சு.

அம்மான்வாசி | 14 நவம்பர், இரவு 9.15

டம்ளர் சோதனை பண்ணேன். போடிக்காரர் சொன்ன மாதிரியே மேல வெளிர் திப்பி, நகத்தால எடுத்துக் கடிச்சா ஏலக்காய் நார். மறுநாள் ஏலக்காய் இல்லாத தூள், நடு வறுவல், நூறு கிராம் மட்டும் வாங்கினேன். கடைக்காரர் என் கண் முன்னாடியே அரைச்சுக் குடுத்தார். ரெண்டு கப்புக்கு நாலு குவிச்ச ஸ்பூன், ஒரு ஸ்பூன் சர்க்கரையோட இடிச்ச ஒரு காய் விதை. எழும்பினதும் நுரையை ஸ்பூனால பிரிச்சுக் கப்புல போட்டேன். மீதியை சோசர் மூடி ரெண்டு நிமிஷம் வச்சு, ஓரமா ஊத்தினேன். கடைசி அரை விரல் ரக்வேயிலயே நிறுத்திட்டேன். நுரையும் நின்னுச்சு, பல்லுல ஒண்ணும் தட்டலை.

சூப்பர்வைசருக்கும் ஒரு நாள் போட்டுக் குடுத்தேன். குடிச்சிட்டு "ஏலக்காய் பத்தலை"ன்னுட்டார்.

போடி_ஏலம் | 14 நவம்பர், இரவு 9.40

நாலு காய்னு யார் சொன்னது? அவருக்கு என் சலாம் சொல்லுங்க.

முல்லை | 14 நவம்பர், இரவு 10.00

ரெண்டு போடுங்கோ. நாலு வேண்டாம்.

கம்பிவலை | 15 நவம்பர், காலை 8.30

கம்பி வலை வேலை செய்யுது. தூளுக்கு அண்ணாநகர்ல ஒரு கடையில துருக்கி அரைப்புன்னு சொல்லிக் கேட்டேன், மிஷினோட கடைசி நம்பர்ல வச்சுக் குடுத்தாங்க. கிட்டத்தட்ட வந்துடுச்சு, இன்னும் கொஞ்சம் குருணை இருக்கு. ஒரு சந்தேகம்: சர்க்கரைக்குப் பதிலா கருப்பட்டி போடலாமா?

முல்லை | 15 நவம்பர், மாலை 5.45

போடலாம், ஆனால் நேரா இடிச்சுப் போடாதேங்கோ, அதிலயே மண் இருக்கும். தண்ணியில கரைச்சு வடிச்சு, ஆறினாப் பிறகு அந்தத் தண்ணியில தூளைப் போடுங்கோ. வாத்தியாருக்கு வேலை வரும், பாகுத்தண்ணியில நுரை எப்பிடி நிக்குது எண்டு அவர் பார்த்துச் சொல்லட்டும். நான் காய்ச்சினதில்லை.